அழிக்கும் நோட்டு, அழிக்காத நோட்டு

நோரா வேடம் எனக்குக் கிடைக்கும் என்று நம்பித்தான் நாடகத்துக்குப் பெயர் கொடுத்தேன். தொண்ணூறுகளின் இறுதி. திருச்சியில் ஒரு கலைக் கல்லூரி. ஆங்கிலத் துறையில் இருந்த எங்கள் சார், இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தானே தமிழாக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும்படி வெட்டி வைத்திருந்தார். பெயர்களை மாற்றவில்லை. பிள்ளைகளையும் செவிலித்தாயையும் எடுத்துவிட்டதில் ஆறு பாத்திரங்கள் மிஞ்சின. வாசித்துக் காட்டச் சொன்னபோது என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. “கையெழுத்து நல்லா இருக்குமாம்மா?” என்று கேட்டார் சார். தலையாட்டினேன். ஒரு ரிங் ஃபைலையும் 2பி பென்சில் ஒன்றையும் கையில் கொடுத்து, “நீதான் ஸ்டேஜ் மேனேஜர்” என்றார்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் அழுதேன். அதை இங்கே சொல்லக் காரணம், அந்த ஆத்திரத்தோடுதான் நான் வேலையைத் தொடங்கினேன். அது எங்கே போய் இறங்கியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ரிங் ஃபைல்தான் பிராம்ப்ட் புக். நாடகப் பிரதியை ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கோத்திருக்கும். புத்தகத்தைத் திறந்தால் ஒரு புறம் வசனம், எதிர்ப்புறம் வெற்றுத்தாள். நான் வலக்கைக்காரி என்பதால் வெற்றுத்தாள் வலப்புறம் வரும்படி, வசனத் தாளின் வலது ஓரத்தில் துளையிடச் சொன்னார் சார். எழுதும் கை வசனத்தை மறைக்காது. சின்ன விஷயம்தான், ஆனால் ஓடுகிற காட்சியில் தலை நிமிராமல் எழுதும்போது அதன் அருமை தெரியும்.

வெற்றுத்தாளின் மேல் மூலையில் மேடையின் சிறிய வரைபடம். இதுவும் ஜெராக்ஸ், பக்கத்துக்கு ஒன்று. பின்புறம் நடுவில் கூடத்துக்குப் போகும் கதவு, அதில் தபால் பெட்டி. இடப்புறம் பியானோ. வலப்புறம் அடுப்பு, அதன் அருகே சாய்வு நாற்காலி. நடுவில் வட்ட மேசை. வலம், இடம் எல்லாம் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலம், இடம். இதை முதல் நாளே சொல்லிவிட்டாலும், கீழே உட்கார்ந்து பார்க்கிற யாராவது ஒருவர் “லெஃப்ட்ல நகரு” என்று கத்துவார், மேடையில் இருப்பவர் எதிர்ப்பக்கம் நகர்வார். அதனால் கத்தும் உரிமை சாருக்கு மட்டும் என்று ஆனது.

ஒரு நடிகர் நகர்ந்தால், எந்தச் சொல்லில் நகர்கிறாரோ அந்தச் சொல்லின்மேல் வட்டமிட்டு ஓர் எண். எதிர்த்தாளில் அதே எண்ணுக்கு நேராக அசைவு. முழு வாக்கியமாக எழுத நேரம் இருக்காது. நோ என்றால் நோரா, ஹெ என்றால் ஹெல்மர், ரா என்றால் டாக்டர் ராங்க். பெருக்கல் குறி போட்டால் கடந்து போகிறார் என்று பொருள். மு என்றால் பார்வையாளர் பக்கம், பி என்றால் பின்சுவர்ப் பக்கம். ‘7. நோ × மேசைக்குப் பின்னால், அடுப்பு’ என்று எழுதினால் போதும், அடுத்த ஒத்திகையில் அவளை அதே வழியில் நடக்க வைத்துவிடலாம். மேசைக்கு முன்னாலா பின்னாலா என்பதை எழுதாமல் ‘அடுப்புக்குப் போகிறாள்’ என்று மட்டும் எழுதுவது வீண். முன்னால் போனால் நாற்காலியில் இருப்பவரை மறைப்பாள். பின்னால் போனால் அவளையே மேசை மறைக்கும். சாருக்கு வேண்டியது அதில் ஏதோ ஒன்று.

இதையெல்லாம் பென்சிலில்தான் எழுத வேண்டும். காரணம், அடுத்த நாள் சார் அதை மாற்றுவார். மாற்றினால் பழையதை ரப்பரால் சுத்தமாக அழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதக் கூடாது. இதில்தான் எனக்கும் சாருக்கும் முதல் உரசல். நான் எதையும் அழிக்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் யார் என்னை என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதி வைத்த நோட்டு ஒன்று என் பெட்டியில் இருந்தது. “முதல்ல அப்படிச் சொன்னீங்க, இப்ப இப்படிச் சொல்றீங்கன்னு காட்டணும்ல சார்?” என்றேன். அவர் சிரித்தார். “ஷோ அன்னைக்கு இருட்டுல உட்கார்ந்து இதைப் படிக்கப் போற. ஒரே இடத்துல ரெண்டு எழுத்து இருந்தா எதைப் படிப்ப? இந்த ஃபைல்ல இன்னைக்கு நாடகம் எப்படி இருக்கோ அது மட்டும்தான் இருக்கணும். பழசு வேணும்னா தனி நோட்டு வாங்கிக்க.”

அந்தத் தனி நோட்டுதான் ஒத்திகைக் குறிப்பு. இது நீல மையில், அழிக்க முடியாதபடி. ஒத்திகை எத்தனை மணிக்குத் தொடங்கியது, யார் தாமதம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, எப்போது முடிந்தது. பிறகு செட், சாமான், விளக்கு, ஒலி, உடை என்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் அந்த வேலையைப் பார்ப்பவர் மறுநாளுக்குள் செய்ய வேண்டியது. ராத்திரியே கார்பன் வைத்து எழுதி, காலையில் துறை அறிவிப்புப் பலகையில் குத்திவிடுவேன். முடிந்த நேரத்தைக் குறித்ததில் இன்னொரு லாபம்: பெண்கள் விடுதிக் கதவு சீக்கிரம் மூடிவிடும். வார்டனிடம் காட்ட எங்களுக்குக் கிடைத்த ஒரே அத்தாட்சி அந்தத் தாள்தான்.

என் ஆத்திரம் இறங்கிய இடமும் அதுதான். நோராவாக நடித்த பெண்மீது எனக்குப் பொறாமை. ஹெல்மராக நடித்தவன் என்னை ‘நாற்காலி மேனேஜர்’ என்பான். ‘ஹெல்மர் இன்றும் சாவியை மறந்தார்’ என்று எழுதிப் பலகையில் குத்தினேன். ‘நோராவுக்கு இரண்டாம் அங்க வசனம் இன்னும் பாடமாகவில்லை’ என்று அடிக்கோடிட்டு எழுதினேன். எழுதியது எல்லாம் உண்மை. பொய் ஒரு வரிகூட இல்லை என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. சில நாட்களில் நான் நோட்டைத் திறந்தாலே பேச்சு நின்றது.

சார் என்னைத் திட்டவில்லை. சாவி பற்றிய வரியைக் காட்டி, “இதைப் படிச்சிட்டு யார் என்ன செய்யணும்?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஹெல்மர் வெட்கப்பட வேண்டும் என்பதைத் தவிர அந்த வரியில் வேலை எதுவும் இல்லை. அவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினார்: ‘தபால் பெட்டிச் சாவி: ஹெல்மரின் கோட்டு வலப் பையில். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் சாமான் பொறுப்பாளர் வைத்து, தொட்டுப் பார்ப்பார்.’ மறுநாளிலிருந்து சாவி மறக்கப்படவில்லை. உடுத்தும் நேரத்தில் அந்தப் பையைத் தொட்டுப் பார்க்க ஒரு கை ஏற்பட்டுவிட்டது, அவ்வளவுதான். மறதி பற்றிய குறிப்பை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் சாமானின் இருப்பிடத்தை எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதை நான் அன்று பார்த்தேன். என் நோட்டிலிருந்து ஆட்களின் பெயர்கள் மெல்ல மெல்லக் குறைந்து, பொருள்களின் பெயர்கள் பெருகின.

இந்த நாடகத்தில் பொருள்களுக்குப் பஞ்சமும் இல்லை. நோராவுக்குக் கடன் கொடுத்த க்ரோக்ஸ்டாட் தபால் பெட்டியில் போடும் கடிதம். பூட்டில் உடைந்து கிடக்கும் கொண்டை ஊசி. டாக்டர் ராங்க் போட்டுவிட்டுப் போகும், கறுப்புச் சிலுவைக் குறியிட்ட இரண்டு விசிட்டிங் கார்டுகள். பிறகு திரும்பி வரும் கடன் பத்திரம். பத்திரத்தையும் இரண்டு கடிதங்களையும் ஹெல்மர் கிழித்து அடுப்பில் போடுகிறான் என்பதால் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புதிதாக எழுத வேண்டும். நோரா ஒளித்து வைத்துத் தின்னும் மக்ரூன் இன்னொரு தொல்லை. முதலில் வைத்த பேக்கரி பிஸ்கட் வாயை உலர்த்தியது. தின்ற பிறகு வசனம் குழறியது. ‘வாயில் உடனே கரையும் பண்டம் வேண்டும்’ என்று எழுதினேன். தூத்துக்குடிப் பையன் ஒருவன் ஊரிலிருந்து மக்ரூன் வாங்கி வந்தான். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும்தானே, நாக்கில் வைத்ததும் போய்விடும். காற்றுப்பட்டால் பிசுபிசுக்கும் என்பதால் காட்சிக்குச் சற்று முன்புதான் டின்னைத் திறக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு குறிப்பு.

கடிதம் விழும் காட்சி கொஞ்சம் வேடிக்கை. பெட்டியில் கடிதம் விழுவது நோராவுக்குக் கேட்க வேண்டும், அவளோடு அரங்கத்துக்கும் கேட்க வேண்டும். காகித உறை விழுந்தால் எங்கே கேட்கும்? ஐந்தாவது வரிசைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. ‘கடிதம்: சத்தம் 5-ஆம் வரிசைக்கு வரவில்லை’ என்று மட்டும் குறித்தேன். என்ன செய்யலாம் என்று எழுதவில்லை, அது செட் செய்பவர்களின் வேலை. அவர்கள் உறைக்குள் ஓர் அட்டையும் பெட்டியின் அடியில் பிஸ்கட் டின் மூடி ஒன்றும் வைத்தார்கள். ‘டங்’ என்று விழுந்தது. கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது என்று மூடிமேல் துணி ஒட்டினார்கள்.

இனி கியூ. விளக்கும் ஒலியும் மாற வேண்டிய இடங்கள் முடிவான பிறகு பிராம்ப்ட் புக்கின் முகமே மாறிவிடும். விளக்குக் கியூக்களுக்கு எண், ஒலிக் கியூக்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து. இரண்டுக்கும் எண் கொடுத்தால் ‘பன்னிரண்டு’ என்று சொன்னதும் இரண்டு பேர் கை வைப்பார்கள். ஒவ்வொரு கியூவுக்கும் அரைப் பக்கம் முன்னால் ‘ஸ்டாண்ட்பை’ என்று ஒரு கோடு. மாற வேண்டிய இடத்தில் ‘கோ’ என்று ஒரு கோடு. வாடகை இன்டர்காமில் நான் “ஸ்டாண்ட்பை லைட் 9” என்பேன், விளக்குப் பையன் “ரெடி” என்பான், “லைட் 9… கோ.” எண் முதலில், ‘கோ’ கடைசியில். அந்தக் ‘கோ’ என்கிற சொல்லை இன்டர்காமில் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. “இப்ப கோ சொல்லவா?” என்று யாராவது கேட்டால் விளக்கு மாறிவிடும்.

‘கோ’ கோட்டை எந்தச் சொல்லில் போடுவது என்பதில் நாங்கள் நிறையத் தடுமாறினோம். வாக்கியம் முடிந்ததும் மாற வேண்டும் என்றால் கடைசிச் சொல்லில் போடத் தோன்றும். ஆனால் நம் வாக்கியத்தின் கடைசியில் இருப்பது வினைச்சொல். நடிகர்கள் அதிகம் மாற்றிவிடுவதும் அதைத்தான். பிரதியில் ‘சொல்லிவிட்டேன்’ என்று இருக்கும். ஒரு நாள் ‘சொல்லிட்டேன்’ வரும், ஒரு நாள் ‘சொன்னேன்’ வரும், ஒரு நாள் வராமலே தலையாட்டலோடு முடியும். அதற்காகக் காத்திருந்தால் நான் தொங்கிப் போவேன். அதனால் வினைக்கு முன்னால் இருக்கும், யாரும் மாற்றாத ஒரு பெயர்ச்சொல்லில் கோடு போட்டு, அங்கிருந்து ஒரு மூச்சு விட்டு ‘கோ’ சொல்லப் பழகினேன். அசைவைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கியூக்களுக்கு அருகே ஒரு கண் படம் வரைந்தேன். கண் இருந்தால் புத்தகத்தைப் பார்க்காதே, மேடையைப் பார் என்று பொருள்.

இதற்கு இரண்டாம் அங்கத்து விளக்குதான் நல்ல உதாரணம். நோராவும் டாக்டர் ராங்க்கும் பேசிக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்கிறது. அவர் தன் மனதைத் திறந்து சொல்லிவிடுகிறார். அவள் எழுந்து அடுப்புப் பக்கம் போய், வேலைக்காரப் பெண் ஹெலனைக் கூப்பிட்டு விளக்குக் கொண்டுவரச் சொல்கிறாள். இருட்டில் சொல்ல முடிந்ததை வெளிச்சத்தில் தொடர முடியாது. காட்சியின் உயிரே அந்த வெளிச்சத்தில் இருக்கிறது.

பொழுது சாய ஐந்து நிமிடம். எங்களிடம் இருந்தது கையால் இறக்கும் டிம்மர். ஐந்து நிமிடத்தில் ஒரே சீராக இறக்கு என்றால் எந்தக் கையும் கேட்காது. முதலில் மறந்திருந்து கடைசியில் வேகமாக இறக்கும், அரங்கத்துக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் டிம்மர் பக்கத்தில் ஒட்டிய வெள்ளை டேப்பில் 10 முதல் 4 வரை கோடு போட்டோம். லைட் 9 என்ற ஒரே கியூவை 9.1, 9.2 என்று ஆறு துண்டாக்கி, வசனத்தில் ஆறு இடங்களில் குறித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு கோடு மட்டும் இறக்குவான். பார்த்துக்கொண்டிருந்த நண்பர்களிடம் “எப்போ இருட்டாச்சு?” என்று கேட்டோம். யாராலும் சொல்ல முடியவில்லை. அதுதான் சரியான விடை.

பிறகு லைட் 10. ஹெலன் கையில் பேட்டரி பல்பு வைத்த மேசை விளக்கு. அதை வட்ட மேசையில் வைக்கும்போது மேடை வெளிச்சம் ஏற வேண்டும், அந்தச் சின்ன விளக்கிலிருந்தே வெளிச்சம் வருவதுபோல. விளக்கு மேசையைத் தொட்டதும் ‘கோ’ சொன்னேன். ஒவ்வொரு முறையும் தாமதம். நான் வாய் திறந்து, அவன் கேட்டு, கை நகர்ந்து, அதற்குப் பிறகும் பெரிய பல்புகளின் இழை சூடேறி ஒளிவிடக் கண நேரம் ஆகும். எல்லாம் சேர்ந்தால், விளக்கை வைத்துவிட்டு அவள் கையை எடுத்த பிறகுதான் வெளிச்சம் வந்தது. யாரோ சுவிட்ச் போட்டதுபோல. ‘கோ’வைக் கதவுக்குத் தள்ளிப் பார்த்தோம், அவள் நடையின் வேகம் தினம் மாறியதால் சில நாள் வெளிச்சம் முந்திக்கொண்டது. கடைசியில் அவளையே உற்றுப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. எவ்வளவு வேகமாக வந்தாலும், விளக்கை இறக்குவதற்கு முன் அவள் வலது முழங்கை மடங்கும். அங்கிருந்து மேசைக்குப் போகும் நேரம் மட்டும் மாறவே இல்லை. புத்தகத்தில் கண் படம் வரைந்து, ‘ஹெலன் வல முழங்கை மடங்கும்போது’ என்று எழுதினேன். மேசையில் விளக்கு வைக்கும் இடத்துக்குச் சின்ன டேப் அடையாளம்.

ராங்க் சொல்லி முடித்ததும் வரும் மௌனம் இன்னொரு சிக்கல். வசனம் எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். மறந்து நிற்கிறாளா, வேண்டுமென்றே நிற்கிறாளா என்று தெரியாமல் அந்த மௌனத்தில் வசனத்தை எடுத்துக் கொடுத்தால் காட்சி செத்துவிடும். அதனால் வேண்டுமென்று விடும் இடைவெளிகளுக்கு வசனத்தின் நடுவே இரட்டைச் சாய்கோடு. நீண்டதற்கு மூன்று. கோடு இல்லாத இடத்தில் நின்றால்தான் மறதி.

இவையெல்லாம் ‘இப்போது எப்படி’ என்பதற்கான வேலை. அழிக்காத நோட்டு எதற்கு ஆகும் என்பது கடைசிக் கதவில் தெரிந்தது.

நாடகம், கீழே தெருக்கதவு சாத்தப்படும் சத்தத்தோடு முடிகிறது. நாங்கள் மேடைக்குப் பின்னால் ஒரு கனமான மரக் கதவை நிலையோடு நிறுத்தி, முதலாண்டுப் பையன் ஒருவனை அங்கே நிறுத்தியிருந்தோம். அவனுக்கு இன்டர்காம் கிடையாது. கதவருகே ஒரு ஜீரோ வாட் பல்பு, சுவிட்ச் என் கையில். பல்பு எரிந்தால் கதவில் கை வை, அணைந்தால் அறை. எரியும்போது செய்யச் சொன்னால் பதற்றத்தில் எரிந்த கணமே செய்துவிடுவார்கள். நோரா வெளியே போனதிலிருந்து கதவுச் சத்தம் வரை எவ்வளவு நேரம் என்பதில் சாருக்குத் திருப்தி வரவில்லை. இரண்டு வினாடி, ஐந்து, எட்டு, மறுபடி ஐந்து. ஒவ்வொரு முறையும் நான் பிராம்ப்ட் புக்கில் அழித்து எழுதினேன். அந்தத் தாள் கிழியும் அளவுக்கு மெலிந்துவிட்டது.

ஒரு நாள் சார் தலையைப் பிடித்துக்கொண்டு, “போன வாரம் ஒரு நாள் உடம்பு சிலிர்த்துச்சேம்மா. அன்னைக்கு எத்தனை வினாடி?” என்றார். பிராம்ப்ட் புக்கில் அது இருக்க முடியாது. நோட்டைப் புரட்டினேன். ‘கதவு: 5. சாருக்குப் பிடித்தது’ என்று இருந்தது. ஐந்து வைத்து ஓட்டினோம். சிலிர்க்கவில்லை. அதே நாளின் மற்ற தலைப்புகளைப் படித்தேன். ‘செட்’ என்பதன் கீழே: ‘கதவருகே நாற்காலியின் கால் உடைந்தது, ஒத்திகையில் எடுத்துவிட்டோம்.’ நாற்காலி இல்லாததால் அன்று ஹெல்மர் உட்கார இடமின்றி, கதவைப் பார்த்தபடி நமக்கு முதுகு காட்டி நின்றிருக்கிறான். மறுநாள் நாற்காலி சரியாகி வந்துவிட்டது, அவனும் உட்கார்ந்துவிட்டான். சாருக்குப் பிடித்தது வினாடியே இல்லை, அந்த முதுகுதான். பிரதியில் ஹெல்மர் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு பிறகு எழுவதாக வரும். சார் கொஞ்ச நேரம் யோசித்து, அவனை உட்கார வைத்து எழுப்பி, பிறகு கதவை நோக்கித் திருப்பினார். நாற்காலி உடைந்ததைச் செட் தலைப்பில் எழுதியபோது அது நடிப்புக்கான குறிப்பு என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். எது முக்கியம் என்று தேர்ந்தெடுத்து எழுதியிருந்தால் விட்டிருப்பேன்.

பக்க நேரமும் அப்படித்தான். முழு ஓட்டங்களில் ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் ஸ்டாப் வாட்ச் காட்டும் நேரத்தை நோட்டில் எழுதுவேன். இரண்டாம் அங்கம் 38 நிமிடத்திலிருந்து 44-க்கு நீண்டபோது, ராங்க் இழுக்கிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கம் பக்கமாக ஒப்பிட்டால் ராங்க் பக்கங்களில் மாற்றமே இல்லை. நேரம் தின்றது நோரா ஆடும் இடம். சால்வையும் டாம்பரினும் இருந்த பெட்டியை யாரோ பியானோ பக்கம் மாற்றியதில், அவள் எடுக்கவும் உடுத்தவும் மேடையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்துகொண்டிருந்தாள். நடை சேரச் சேர ஆட்டமும் மூச்சு வாங்கி நீண்டிருந்தது. பெட்டி பழைய இடத்துக்குப் போனது. ராங்க்காக நடித்தவன் அன்றிலிருந்து எனக்கு டீ வாங்கித் தந்தான்.

நடுவில் ஒரு நாள், ஒத்திகை பார்க்க வந்த ஆசிரியர் ஒருவர், நோரா வீட்டைவிட்டுப் போகாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். சார் பொறுமையாக ஒரு கதை சொன்னார். நாடகம் முதலில் 1879-இல் கோபன்ஹேகனில் அரங்கேறியது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஹெட்விக் நீமன்-ராபே என்ற நடிகை பிள்ளைகளை விட்டுப் போகும் முடிவை நடிக்க மறுத்தார். வேறு யாராவது கெடுப்பதைவிட நாமே எழுதிவிடலாம் என்று, அவள் போகாமல் நின்றுவிடும் முடிவு ஒன்றை இப்சனே எழுதிக் கொடுத்தார். கடைசிவரை அது அவருக்குப் பிடிக்கவில்லை. கதை முடிந்ததும் ஆசிரியர் என்னைப் பார்த்தார். ‘முடிவு: மாற்றம் இல்லை’ என்று நீல மையில் எழுதிக்கொண்டேன்.

முதல் காட்சி நல்லபடியாக நடந்தது. இரண்டாம் காட்சி நாள் காலையில் ஹெலனுக்குக் கடும் காய்ச்சல். சின்ன வேடம்தான், ஆனால் இரண்டாம் அங்கத்து விளக்கும், மூன்றாம் அங்கத்தில் கடன் பத்திரம் வரும் கடிதமும் அவள் கையில்தான் வரும். “ஹெலன் எங்கே வருவா, எங்கே போவான்னு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார் சார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். குரல் மூன்று வரிசை போனால் போதும், ஹெலன் பெரும்பாலும் வந்து சொல்லிவிட்டுப் போகிறவள்தானே.

பிராம்ப்ட் புக் கதவுப் பையன் கைக்குப் போனது. மதியம் அவனை உட்கார வைத்து நான் விளக்க ஆரம்பித்தேன். “நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா, நான் படிச்சுப் பார்க்கிறேன். புரியலைன்னா கேட்கிறேன்” என்றான். முதல் பக்கத்தில் குறிகளின் பட்டியல் இருந்தது, கடைசிப் பக்கத்தில் பல்பின் விதி இருந்தது. அதைப் படித்துக் காட்டி ஹாஸ்டல் நண்பன் ஒருவனைக் கதவுக்குத் தயார் செய்துவிட்டான். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: 31-ஆம் பக்கத்தில் ஸ்டாண்ட்பை இருக்கிறது, ‘கோ’ பக்கத்தைத் திருப்பியதும் முதல் வரியிலேயே வருகிறதே, திருப்பும் நேரத்தில் தவறிவிடாதா? நான் அந்த இடத்தை மனதில் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கத்தின் முதல் இரண்டு வரியை அவன் 31-இன் அடியில் எழுதிக்கொண்டான்.

உடை எனக்கு நீளம். இடுப்பில் ஊக்கு குத்திச் சுருக்கினார்கள். ராங்க் சொல்லி முடித்ததும் மூன்று சாய்கோடு மௌனம். விங்ஸில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். இன்டர்காம் முன் உட்கார்ந்திருந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்தான். நோரா கூப்பிட்டாள். உள்ளே போனேன். மேசையருகே முழங்கையை மடக்கினேன், வெளிச்சம் என்னோடு சேர்ந்து இறங்கி மேசையில் அமர்ந்தது. வெளியே வந்து விங்ஸில் தண்ணீர் குடித்தபோது கை நடுங்கியது. நோராவுக்கு அந்த மேடையில் இரண்டு மணி நேரம்.

காட்சி முடிந்தபின், நான் கற்றுக்கொடுத்த வழக்கப்படி பையன் அன்றைய குறிப்பை எழுதி, காலையில் பலகையில் குத்தியிருந்தான். நேரம், பக்க நேரம், மக்ரூன் மீதி, கதவு சரி. பிறகு சாமான் தலைப்பின் கீழ்: ‘விளக்கு: மேசை அடையாளத்துக்கு ஒரு சாண் இடப்புறம் வைக்கப்பட்டது. நோராவின் முகத்தில் நிழல். டேப் பழையது, இருட்டில் தெரியவில்லை. வெள்ளை டேப் ஒட்ட வேண்டும். கடிதம்: நான்கு வினாடி தாமதம். ஹெலன் உடையில் நடை தடைப்படுகிறது, ஓரம் மடித்துத் தைக்க வேண்டும்.’

என் பெயர் அதில் எங்கும் இல்லை. நான் ஊசி நூல் வாங்கப் போனேன்.